அரை மதிப்பெண்ணில் நின்ற பையன்

கேள்வி: அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 17 வயதுக்குட்பட்டோர் வாலிபால் அணித் தேர்வுக்கு 34 பையன்கள் வந்தார்கள். சர்வீஸ், பாஸ், தாவல் மூன்றுக்கும் தலா 20 என்று சோதனைக்கு 60 மதிப்பெண். ஆடவிட்டுப் பார்த்துப் பயிற்சியாளர் போடும் மதிப்பீட்டுக்கு 40. இரண்டையும் கூட்டி முதல் 12 பேரை அறிவித்தோம். 12ஆவது பையன் 72.5, 13ஆவது பையன் 72. "சோதனையில் என் மகன் ஐந்தாவது. சார் போட்ட மார்க்கில்தான் அடிபட்டான்" என்று 13ஆவது பையனின் அப்பா வந்து நிற்கிறார். மற்ற பெற்றோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாருக்கும் விளக்கக் கடிதம் அனுப்பச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். குறுவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இன்னும் போகவில்லை. மதிப்பெண் பட்டியலை முழுதாக இணைத்து அனுப்பிவிடலாமா? உங்கள் பார்வைக்கு வைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம் சார். பட்டியலை இணைக்க வேண்டாம். கடிதத்தையும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய தாளை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இப்போதிருக்கிற கணக்கை விளக்கி எழுதினால், விளக்க முடியாத ஒன்றுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

தாளின் ஓரத்தில் தேதியும் மதிப்பிட்டவரின் சுருக்கொப்பமும் இருக்கின்றன. பெயர்களை அகரவரிசையில் பாதியாகப் பிரித்து, முதல் 17 பேரைத் திங்கள்கிழமை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அடுத்த 17 பேரைச் செவ்வாய்க்கிழமை உங்கள் பகுதிநேரப் பயிற்சியாளர் பார்த்திருக்கிறார். நீங்கள் போட்ட மதிப்பீட்டின் சராசரி 31. அவர் போட்டதன் சராசரி 27. திங்கள்கிழமைப் பையன்கள் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறவர்களாக இருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சோதனை மதிப்பெண்ணில் திங்கள்கிழமைக் கூட்டத்தின் சராசரி 41, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் சராசரி 42. அகரவரிசையில் பிரித்ததால் ஒரு பக்கம் மட்டும் நல்ல ஆட்டக்காரர்கள் குவியக் காரணமும் இல்லை. செவ்வாய்க்கிழமைப் பையன்களில் மிகச் சிறந்தவனுக்கு உங்கள் சக பயிற்சியாளர் போட்டது 29.5. நீங்கள் ஒரு சராசரிப் பையனுக்குப் போட்டதைக்கூட அது எட்டவில்லை.

மதிப்பெண் போடுவதில் அவர் கறார், நீங்கள் தாராளம், அவ்வளவுதான். இதில் யார் பேரிலும் குற்றமில்லை. ஒரே தேர்வுத்தாளை இரண்டு வாத்தியார்கள் திருத்தினாலே ஐந்து மார்க் வித்தியாசம் வருகிறது. ஆனால் உங்கள் அணியில் திங்கள்கிழமைப் பையன்கள் எட்டுப் பேர், செவ்வாய்க்கிழமைப் பையன்கள் நாலு பேர். எட்டுக்கு நாலு என்பது தற்செயலாகவும் வரும். சராசரியில் நாலு மதிப்பெண் வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. பெயர் 'ப'வில் தொடங்குகிற பையனுக்கு, 'அ'வில் தொடங்குகிறவனைவிட நாலு மதிப்பெண் குறைவாகத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டது போல ஆகியிருக்கிறது.

இப்போது அந்த இரண்டு பையன்களைப் பார்க்கலாம். 12ஆவது பையனை முதல்வன் என்றும், 13ஆவது பையனை இரண்டாமவன் என்றும் வைத்துக்கொள்வோம். முதல்வன் திங்கள்கிழமைக்காரன்: சோதனையில் 40, உங்கள் மதிப்பீடு 32.5. இரண்டாமவன் செவ்வாய்க்கிழமைக்காரன்: சோதனையில் 47, மதிப்பீடு 25. மதிப்பீட்டை அப்படியே எடுக்காமல், போட்டவரின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பாருங்கள். முதல்வன் உங்கள் சராசரியைவிட 1.5 மேலே. இரண்டாமவன் அவருடைய சராசரியைவிட 2 கீழே. சோதனையோடு சேர்த்தால் முதல்வனுக்கு 41.5, இரண்டாமவனுக்கு 45. அரை மதிப்பெண்ணில் பின்தங்கியவன் மூன்றரை மதிப்பெண் முன்னால் போய்விட்டான்.

அப்படியானால் அந்த அப்பா சொல்வதுதான் சரி, பெயரை மாற்றிவிடலாம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இன்னொரு விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

சோதனைக்கு 60, மதிப்பீட்டுக்கு 40 என்று அறிவித்தீர்கள். கேட்பவர்கள், முடிவில் பத்தில் நாலு பங்கு பயிற்சியாளர் கையில் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் ஒரு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை அதன் உச்சவரம்பு தீர்மானிப்பதில்லை. பையனுக்குப் பையன் அது எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. 34 பேருக்கும் 31 என்று போட்டிருந்தால், 40 மதிப்பெண் என்று எழுதி வைத்தும் அந்த மதிப்பீட்டால் ஒருவனும் ஏறியிருக்க மாட்டான், இறங்கியிருக்க மாட்டான். உங்கள் சோதனை மதிப்பெண் 29இலிருந்து 54 வரை விரிந்திருக்கிறது. மதிப்பீடோ, ஒரே ஆள் போட்ட 17 பேருக்குள் ஐந்து மதிப்பெண் இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் வருகிற திட்ட விலக்கம் போட்டுப் பார்த்தேன். சோதனைக்கு 6, மதிப்பீட்டுக்கு இரண்டு பேரிடமும் 1.5. நாலுக்கு ஒன்று. அதாவது பேச்சுக்கு 60:40, நடைமுறையில் ஏறக்குறைய 80:20.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, அப்புறம் 60ஆலும் 40ஆலும் பெருக்க வேண்டும். சோதனைக்கு 34 பேரின் சராசரி 41.5. மதிப்பீட்டுக்கு அதைப் போட்டவரின் சராசரி. தாளில் C நிரலில் சோதனை, D நிரலில் மதிப்பீடு, முதல் 17 வரிசைகள் திங்கள்கிழமைக்காரர்கள் என்று வைத்தால், திங்கள்கிழமைப் பையனுக்கு இப்படி வரும்:

```
=60*(C2-AVERAGE(C$2:C$35))/STDEV.P(C$2:C$35)
 +40*(D2-AVERAGE(D$2:D$18))/STDEV.P(D$2:D$18)
```

செவ்வாய்க்கிழமைப் பையன்களுக்கு 19ஆவது வரிசையில் தொடங்கி, `C2`, `D2` என்பதை `C19`, `D19` என்றும், `D$2:D$18` என்பதை `D$19:D$35` என்றும் மாற்றுங்கள். சோதனைப் பகுதி அப்படியே இருக்கட்டும்.

போட்டுப் பார்த்தால் முதல்வனுக்கு 25 வருகிறது. இரண்டாமவனுக்கு 2கூட முழுசாக வரவில்லை. மறுபடியும் முதல்வன் முன்னால்!

நானும் இரண்டு தடவை சரிபார்த்தேன். கணக்கில் தப்பில்லை. இரண்டாமவன் கறாரான பயிற்சியாளரிடம் மாட்டியது உண்மை. அதே பயிற்சியாளரின் 17 பேருக்குள்ளேயே அவன் சராசரிக்குக் கீழே இருந்ததும் உண்மை. மதிப்பீட்டுக்கு நிஜமாகவே 40 பங்கு கொடுத்தால் அந்த இரண்டாவது உண்மை பெரிதாகிறது. 20 பங்கு கொடுத்தால் சோதனையில் அவன் எடுத்த 47 பெரிதாகிறது. உங்கள் சர்வீஸ் சோதனையில் ஒரு பந்துக்கு 2 மதிப்பெண் என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் கோடு கிழித்த அரை மதிப்பெண் என்பது ஒரு சர்வீஸில் கால் பங்கு. பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதிலேயே அதைப் போல நாலு மடங்கு மதிப்பெண் மாறிவிடும்.

ஆகவே 12ஆவது இடத்தைக் கணக்கு தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது போலக் கடிதம் எழுதக்கூடாது.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். 34 பேரையும் மூன்று விதமாக வரிசைப்படுத்திப் பார்த்தேன்: நீங்கள் கூட்டியபடி ஒன்று, பயிற்சியாளர் வித்தியாசத்தை நீக்கி ஒன்று, நிஜமான 60:40இல் ஒன்று. மூன்றிலும் முதல் 12க்குள் வருகிறவர்கள் ஒன்பது பேர். அவர்களைப் பற்றி ஒரு பேச்சும் வேண்டாம், அவர்கள் அணியில். மூன்றிலும் வெளியே நிற்கிறவர்கள் 19 பேர். அதுவும் முடிந்தது. மிச்சம் ஆறு பேர், மூன்று இடம். நீங்கள் அறிவித்த 12இல் கடைசி மூன்று பேரும் இந்த ஆறுக்குள் இருக்கிறார்கள், அந்த அப்பாவின் மகனும் இருக்கிறான்.

பட்டியல் போக நாளிருக்கிறது. இந்த 15 பேரையும் சேர்த்தே பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு நாள் முழு ஆட்டம் வையுங்கள். ஆறு பேரையும் பக்கத்துக்கு மூன்று பேராகப் பிரித்து, ஒன்பது பேரில் ஆறு பேரைக் கலந்து, செட்டுக்குச் செட்டு ஆள் மாற்றி ஆடவிடுங்கள். நீங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் உட்கார வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. ஆட்டம் முடிந்து தாளைக் கொடுக்கும்வரை அந்தப் பையன்களைப் பற்றிப் பேசவும் கூடாது. இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். தேநீர்க் கடையில் "அந்தப் பையன் இன்னிக்கு எப்படி?" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், இரண்டு தாளும் ஒரே தாளாகிவிடும். ஒன்பது பேரில் செட்டர் ஒருவன்தான் இருக்கிறான் என்பதையும் பார்த்தேன். மூன்று இடத்தில் ஒன்று இரண்டாவது செட்டருக்கு என்றால், அதை ஆட்டத்துக்கு முன்னாலேயே ஆறு பேரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் மதிப்பீட்டுத் தாளில் நாலு கட்டம் இருக்கிறது, கட்டத்துக்குப் பத்து. உங்கள் வரிசைகளில் பாதிக்கு மேல் 8, 8, 8, 8 என்றே போகிறது. அது நாலு மதிப்பீடு இல்லை, ஒரே அபிப்பிராயத்தை நாலு தடவை எழுதியது. உங்கள் சக பயிற்சியாளர் கறார் என்றாலும் கட்டம் கட்டமாகப் பார்த்திருக்கிறார். இரண்டாமவனுக்கு அவர் போட்டது 5, 6.5, 7, 6.5. அந்த 5, 'பந்து வருமிடம் கணித்து நகர்வது' என்ற கட்டத்தில். சோதனையில் 47 எடுத்தவனுக்கு இது ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது. சர்வீஸ் சோதனையில் பந்து அவன் கையில் இருக்கிறது, அவசரமில்லை. தாவல் சோதனையில் பந்தே இல்லை. எதிராளி அடித்த பந்து எங்கே விழும் என்று அரை நொடி முன்னால் ஊகிக்கிற திறமையை அந்த மூன்று சோதனையும் தொடவில்லை. மதிப்பீடு எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு கட்டமே பதில். பெற்றோருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். முழுப் பட்டியலை இணைத்தால் வெளிப்படையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி நினைத்து, 41 பேர் பட்டியலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மதியத்துக்குள் கடைசி இடத்துப் பையனுக்கு 'நாப்பத்தொண்ணு' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. அவன் அப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. முறையை எல்லாருக்கும் சொல்லுங்கள், மதிப்பெண்ணை அவரவருக்கு மட்டும் கொடுங்கள்.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"அன்புள்ள பெற்றோருக்கு,

17 வயதுக்குட்பட்டோர் வாலிபால் அணிக்கு 34 மாணவர்கள் வந்தார்கள். போட்டிக்கு 12 பேரைத்தான் அனுப்ப முடியும். சர்வீஸ், பாஸ், தாவல் ஆகிய மூன்று சோதனைகளுக்கு 60 மதிப்பெண்ணும், ஆட்டத்தில் பயிற்சியாளர் பார்த்துப் போடும் மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் வைத்தோம். சோதனையில் தனியாக ஒரு பந்தை எப்படி அடிக்கிறான் என்பது தெரியும். எதிரணியின் பந்தை எப்படிக் கணிக்கிறான், தப்பு செய்தபின் அடுத்த பந்துக்கு எப்படித் தயாராகிறான் என்பது ஆட்டத்தில்தான் தெரியும். அதனால் இரண்டும் வைத்தோம்.

மதிப்பெண்களைத் திரும்பப் பார்த்தபோது எங்கள் முறையில் ஒரு குறை தெரிந்தது. முதல் நாள் மாணவர்களை ஒருவரும், இரண்டாம் நாள் மாணவர்களை இன்னொருவரும் மதிப்பிட்டோம். ஒருவர் மற்றவரைவிடக் குறைவாக மதிப்பெண் போடுபவர். அதனால் இரண்டாம் நாள் வந்தவர்களுக்கு மொத்தத்தில் குறைந்திருக்கிறது. மாணவர்களை இருவரும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

இந்த வித்தியாசத்தை நீக்கியும், இரு பகுதிகளுக்கும் அறிவித்த பங்கு சரியாகக் கிடைக்கும்படி மாற்றியும் கணக்கிட்டோம். எப்படிக் கணக்கிட்டாலும் ஒன்பது மாணவர்கள் அணியில் வருகிறார்கள். 19 மாணவர்கள் எப்படிக் கணக்கிட்டாலும் வரவில்லை. ஆறு மாணவர்களின் இடம் மட்டும் கணக்கிடும் முறையைப் பொறுத்து மாறுகிறது. எனவே முன்பு அறிவித்த பட்டியலில் கடைசி மூன்று இடங்களை நிறுத்தி வைக்கிறோம். அந்த ஆறு பேரும் அடுத்த இரண்டு வாரம் அணியோடு பயிற்சி செய்வார்கள். இரண்டு ஆட்டங்களில் இரு பயிற்சியாளர்களும் தனித்தனியாக மதிப்பிட்டு, மூன்று பேரைத் தேர்ந்தெடுப்போம். அதில் ஓர் இடம் செட்டருக்கு.

உங்கள் மகனின் மதிப்பெண்கள் மட்டும் இத்துடன் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச விரும்பினால் இந்த வாரம் மாலை 5 மணிக்கு மேல் உடற்கல்வி அறைக்கு வரலாம். மற்ற மாணவர்களின் மதிப்பெண்ணை நாங்கள் சொல்ல இயலாது."

இவ்வளவுதான். 'மிகுந்த கவனத்துடன் நியாயமான முறையில் தேர்வு செய்யப்பட்டது' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்கலாம். மரியாதையாக மறுத்துவிடுங்கள். அந்த வரியைப் படித்ததுமே பெற்றோர் அடுத்த வரியை நம்ப மாட்டார்கள். குறையை ஒப்புக்கொண்டால் பிரச்சினை பெரிதாகும் என்றும் அவர் பயப்படலாம். முதல் நாள் வந்த பையனின் அப்பாவும் இரண்டாம் நாள் வந்த பையனின் அப்பாவும் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லுங்கள். அப்போது வரும் பிரச்சினை இதைவிடப் பெரிது. கடிதத்தில் யார் தாராளம், யார் கறார் என்று பெயர் போட வேண்டாம். பகுதிநேரப் பயிற்சியாளர் தலையில் பழி விழுந்துவிடும்.

19 பேரின் வீட்டுக்கும் இதே கடிதம் போகும். அவர்களுக்குக் கூடுதலாக ஒன்று எழுத வேண்டுமென்றால், பையனுக்கு எந்தக் கட்டத்தில் குறைந்தது என்று கையால் ஒரு வரி எழுதுங்கள். "பாஸ் 20க்கு 9, கை மடங்குகிறது" என்பது போல. ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

அந்த அப்பாவை மட்டும் கடிதம் போகும் முன் நேரில் வரச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் பாதி சரி என்பதை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்: மதிப்பீட்டில் அவர் மகனுக்கு அநியாயமாகக் குறைந்தது, அதனால்தான் திரும்பப் பார்க்கிறோம். மறுபாதியையும் மறைக்காதீர்கள். அந்த 5ஐக் காட்டி, பந்தை அவன் தாமதமாகப் பார்க்கிறான் என்று சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் சக பயிற்சியாளரே அதைச் சொல்லட்டும், பார்த்தவர் அவர்தானே. "அப்போ 12ஆவது பையனுக்கு எவ்வளவு?" என்று கட்டாயம் கேட்பார். "அந்தப் பையனோட மார்க்கை உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சார், உங்க பையனோடதை அவங்க அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றால் போதும். பெரும்பாலும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

அறிவித்த பெயர்களில் மூன்றை நிறுத்தி வைக்கிறீர்கள். அந்த மூன்று பையன்களும் இதை வீட்டுக்கு வந்த காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. கடிதத்தைக் கொடுத்தனுப்புகிற அன்று காலைப் பயிற்சியிலேயே அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், முதல்வனிடம் முதலில்.